பழைய நிழற்படத்திலிருந்து மரப் புடைப்பு: ஆழ அளவும் மென்மையாக்கலும்

சிப்புட் தச்சன்

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக்குப் பின்னால் உள்ள பட்டறையில் ஒரு சிறிய சி.என்.சி. இயந்திரம் வைத்து வேலை செய்கிறேன். பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோவில் மண்டபத்தில் மாட்டுவதற்காக, காலை வெயிலில் பால்மரம் சீவிக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணியின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை மரத்தில் புடைப்பாகச் செதுக்கித் தரும்படி தோட்டத்துப் பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தில் பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். அதனால் இந்தப் படம் அவர்களுக்கு மிகவும் வேண்டிய ஒன்று.

பலகை 300 மி.மீ. அகலமும் 400 மி.மீ. உயரமும் கொண்ட ரப்பர் மரப் பலகை. செதுக்கும் ஆழம் 6 மி.மீ. என்று வைத்திருக்கிறேன். படத்தை 1500 பிக்சல் அகலத்துக்கு வருடி எடுத்து, ஒளிமாற்றத்தை முழு அளவுக்கு இழுத்து, வெள்ளை உயரம், கறுப்பு பள்ளம் என்று மென்பொருளில் கொடுத்து, 1 மி.மீ. ஆரமுள்ள உருண்டை முனைக் கருவியால் ஒரு சோதனைத் துண்டு வெட்டினேன். தலையில் கட்டியிருக்கும் வெள்ளைத் துணிதான் எல்லாவற்றையும் விட உயரமாக வந்திருக்கிறது. நிழலில் இருந்த முகம் குழிந்துவிட்டது. மரத்தில் கட்டியுள்ள பால் கோப்பை முள்போல நிற்கிறது. கன்னத்தில் படிப்படியாகக் கோடுகள் தெரிகின்றன. பின்னணி முழுவதும் சொரசொரப்பாக இருக்கிறது.

எத்தனை பிக்சல் மங்கலாக்கினால் இது சரியாகும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றாக இருக்கும்.

பதினாறு பிட்

உங்கள் படம் 8 பிட் படமாக இருக்கும் என்று நினைக்கிறேன். 8 பிட் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 நிலைகள் மட்டுமே உண்டு. 16 பிட் படத்தில் 65,536 நிலைகள் உண்டு. கன்னத்தில் தெரியும் படிகள் அந்த 256 நிலைகளால் வருபவை. கிம்ப் மென்பொருளில் படத்தைத் திறந்து, துல்லியத்தை 16 பிட்டுக்கு மாற்றிச் சேமித்து மீண்டும் வெட்டிப் பாருங்கள். படிகள் போய்விடும். மங்கலாக்க வேண்டிய தேவையே இருக்காது.

வெளிச்சப் பலகை

நான் ஈப்போவில் இதே வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். நிழற்படத்தை நேராகவே கொடுக்கிறேன், எந்தச் சிக்கலும் வந்ததில்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: படத்தைத் தலைகீழாக மாற்றுங்கள். கறுப்பு உயரமாகவும் வெள்ளை பள்ளமாகவும் இருக்க வேண்டும். வெள்ளை அக்ரிலிக் தகட்டில் நான் வெட்டும் திருமணப் படங்களைப் பின்னால் விளக்கு வைத்துப் பார்த்தால் கண் இமை வரை தெளிவாகத் தெரியும்.

மட்டக்கோல்

தம்பி தச்சன் கேட்டிருக்கும் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதைத் தீர்க்காமல் எத்தனை பிக்சல் மங்கலாக்கினாலும் பயன் இருக்காது. நான் ஓய்வு பெறும்வரை பினாங்கில் ஒரு தொழிற்சாலையின் அச்சுப் பட்டறையில் இருந்தவன். இரும்பில் புடைப்புகள் வெட்டிய பழக்கத்தில் இதைச் சொல்கிறேன்.

நிழற்படத்தின் ஒவ்வொரு பிக்சலும் அந்த இடத்திலிருந்து எவ்வளவு ஒளி வந்தது என்பதைத்தான் பதிவு செய்கிறது. இயந்திரம் அந்த எண்ணை எவ்வளவு உயரம் என்று படிக்கிறது. வெள்ளைத் துணி ஒளியை அதிகம் திருப்பி அனுப்புவதால் மேலே வந்தது, முகம் நிழலில் இருந்ததால் கீழே போனது. மென்பொருள் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. எனவே ஒவ்வொரு சாம்பல் அளவும் உயரத்தைக் குறிக்கும் வேறொரு படத்தை, அதாவது ஓர் உயரப்படத்தை, இந்த நிழற்படத்தைப் பார்த்து நீங்கள் உருவாக்க வேண்டும்.

வெளிச்சப் பலகை அவர்கள் சொல்வது அவர்களுடைய வேலைக்கு முழுக்கச் சரி. பின்னால் விளக்கு வைத்துப் பார்க்கும் தகட்டில் தடிமன் கூடினால் ஒளி குறையும். ஆகவே அங்கே நிழற்படத்தின் கறுமையே நேரடியாகத் தடிமன் ஆகிறது. மரப் பலகையின் ஊடே ஒளி போவதில்லை. அதன் மேற்பரப்பில் விழும் நிழலைத்தான் கண் பார்க்கிறது. இங்கே படத்தைத் தலைகீழாக மாற்றினால் தலைத்துணி குழிந்து, நிழலெல்லாம் மேடாகும். தவறு இடம் மாறுமே தவிர நீங்காது.

பதினாறு பிட் சொன்னதில் பாதி சரி. படிகள் நிலைகளின் பற்றாக்குறையால்தான் வருகின்றன. ஆனால் 256 நிலைகளைக் கொண்ட படத்தை 16 பிட் என்று மாற்றிச் சேமித்தால், அதே 256 நிலைகள் பெரிய எண்களாக எழுதப்படும், அவ்வளவுதான். இடைப்பட்ட நிலைகள் தாமாகத் தோன்றுவதில்லை. முதலில் 16 பிட்டுக்கோ தசம எண்களுக்கோ மாற்றி, அதற்குப் பிறகு மென்மையாக்கினால்தான் இடைநிலைகள் உருவாகும். 8 பிட்டிலேயே மங்கலாக்கினால் விடை மறுபடியும் அந்த 256 எண்களில் ஒன்றாக முழுமைப்படுத்தப்பட்டுவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 6 மி.மீ. ஆழத்தை 255 பங்காக்கினால் ஒரு படி 0.024 மி.மீ. தான். ரப்பர் மரத்தில் அது எளிதில் கண்ணுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிகிறது என்றால், மங்கிப்போன பழைய படத்தில் 256 நிலைகளில் ஒரு சிறு பகுதிதான் பயன்பட்டிருக்க வேண்டும். நீங்கள் அதை முழு ஆழத்துக்கு இழுத்திருக்கிறீர்கள். படத்தின் நிலைப் பரவலைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சோதனைத் துண்டில் தெரியும் கோடுகள் எவை என்பதையும் பிரித்து அறிய வேண்டும். பலகையைச் சாய்த்து, பக்கவாட்டில் ஒரு கைவிளக்கைப் பிடித்துப் பாருங்கள். கோடுகள் கன்னத்தின் வளைவைச் சுற்றி வளைந்து சென்றால் அவை நிலைப் படிகள். நேர்கோட்டுச் சதுரங்களாக, ஏறத்தாழ 1.6 மி.மீ. கட்டங்களாகத் தெரிந்தால் அவை ஜேபெக் சேமிப்பின் 8 பிக்சல் கட்டங்கள், ஏனென்றால் உங்கள் ஒரு பிக்சல் 0.2 மி.மீ. ஒரே திசையில் இணைகோடுகளாக இருந்தால் அவை கருவியின் பாதைகள். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

சிப்புட் தச்சன்

மிக்க நன்றி, அண்ணா. கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தேன். கன்னத்தில் உள்ளவை வளைந்து செல்கின்றன, ஒவ்வொரு படியும் சுமார் 1.5 மி.மீ. அகலம் இருக்கிறது. பின்னணியில் நீங்கள் சொன்ன சதுரக் கட்டங்கள் தெளிவாகத் தெரிகின்றன. படத்தின் நிலைகள் 90 முதல் 190 வரைதான் இருந்திருக்கின்றன. 100 நிலைகளை 6 மி.மீ. க்கு இழுத்ததால் ஒரு படி 0.06 மி.மீ. ஆகியிருக்கிறது என்று இப்போது புரிகிறது.

உயரப்படத்தை எப்படி உருவாக்குவது என்பதில் எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. பிளெண்டர் மென்பொருளில் முகத்தையும் உடலையும் தோராயமாக உருவாக்கி, காமிராவிலிருந்து உள்ள தொலைவையே சாம்பல் படமாக எடுத்துக்கொண்டால் போதுமா? அது உண்மையான ஆழம்தானே, அதை அப்படியே 6 மி.மீ. க்குச் சுருக்கிவிடலாம் அல்லவா?

மட்டக்கோல்

அப்படி உருவாக்குவது நல்ல வழி. ஆனால் ஒரே விகிதத்தில் சுருக்கினால் முகம் காணாமல் போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அம்மையாரின் முகத்திலிருந்து அவருக்குப் பின்னால் தெரியும் மரங்கள் வரை 1,200 மி.மீ. ஆழம் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். அதை 6 மி.மீ. க்குள் அடைத்தால் 200 மி.மீ. க்கு 1 மி.மீ. என்ற விகிதம் வருகிறது. மூக்கு முகத்திலிருந்து 20 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால், பலகையில் அது 0.1 மி.மீ. தான். உப்புத்தாள் ஒரு முறை ஓடினால் மூக்கு போய்விடும். மாறாக, யாரும் பார்க்காத வெற்று இடைவெளிக்கு, அதாவது உடலுக்கும் மரத்துக்கும் நடுவில் உள்ள காற்றுக்கு, 2 மி.மீ. ஒதுக்கியிருப்பீர்கள்.

ஆகவே ஆழத்தைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். படத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனி மறைப்பு வரைந்து, ஒவ்வொன்றுக்கும் தனக்குரிய கீழ் மட்டமும் மேல் மட்டமும் கொடுங்கள். உங்கள் படத்துக்கு நான் இப்படித் தொடங்குவேன்: பின்னணித் தோப்புக்கு 0 முதல் 0.8 மி.மீ. வரை, பால்மரத்தின் அடிமரத்துக்கு 0.8 முதல் 2.6 வரை, உடலுக்கும் கைகளுக்கும் 2.0 முதல் 4.5 வரை, முகத்துக்கும் தலைத்துணிக்கும் 3.5 முதல் 6.0 வரை. இப்போது முகத்துக்கு மட்டும் 2.5 மி.மீ. கிடைக்கிறது. காமிராவுக்குத் தெரியும் முகத்தின் ஆழம் 100 மி.மீ. என்றால் விகிதம் 40 க்கு 1, மூக்கு 0.5 மி.மீ. ஆகிவிடும். அது மரத்தில் நிற்கும்.

காமிராத் தொலைவில் அருகில் இருப்பது சிறிய எண் என்பதால், அதை மாற்றி அருகில் உள்ளது வெள்ளையாக வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். பைத்தான் மொழியில் நம்பை நூலகத்தை `np` என்றும் ஓப்பன்சிவி நூலகத்தை `cv2` என்றும் அழைத்துக்கொண்டால், ஒரு பகுதிக்கான கணக்கு இவ்வளவுதான்:

```python
def layer(h, m, lo, hi, p=1.0):
    a, b = np.percentile(h[m > 0], [1, 99])
    t = np.clip((h - a) / (b - a), 0, 1)
    return (lo + (hi - lo) * t ** p) * m
```

இதில் `h` தசம எண்களாக மாற்றப்பட்ட உயரப்படம், `m` அந்தப் பகுதிக்குள் 1, வெளியே 0 என்று, அதுவும் தசம எண்களாகவே உள்ள மறைப்பு. கடைசி நூற்றில் ஒரு பங்கை இரு முனைகளிலும் வெட்டிவிடுவதால், எங்கோ ஒரு பிக்சல் தவறாக இருந்து முழு அளவையும் கெடுப்பது நிற்கும். `p` என்பதை 1 க்குக் கீழே, 0.7 என்று வைத்தால் விளிம்புப் பக்கம் விரைவாக எழும்பி உச்சி தட்டையாகும். முகத்துக்கும் கைக்கும் அது அழகாக இருக்கும். பின்னணிக்கு அதைச் செய்யாதீர்கள். சுழியத்தின் அருகே அந்த வளைவு மிகவும் செங்குத்தாக இருப்பதால், அங்குள்ள சிறு சொரசொரப்பும் இரண்டு மூன்று மடங்காகப் பெருகிவிடும்.

உளி

நான் கணினி அறிந்தவன் அல்லன். கோவில் கதவுகளும் வாகனங்களும் செதுக்குகிற குடும்பத்தில் வந்தவன். என் மகன் இந்த உரையாடலைக் காட்டியதால் எழுதுகிறேன்.

மட்டக்கோல் அவர்கள் கொடுத்த பங்கீட்டில், கை அடிமரத்தைக் கடக்கும் இடத்தைப் பாருங்கள். கையின் ஓரம் 2.0 மட்டத்தில் தொடங்குகிறது. அதன் பின்னால் இருக்கும் மரத்தின் நடுமேடு 2.6 மட்டத்தில் இருக்கிறது. அப்படியானால் கை மரத்துக்குள் புதைந்தது போலத் தெரியும். நாங்கள் உளியால் செய்யும்போது, முன்னால் இருப்பதன் ஓரத்தை ஒட்டிப் பின்னால் இருப்பதைத் தாழ்த்திவிடுவோம். சிறிது தள்ளிப் போனதும் அது மெல்ல எழும்பித் தன் பழைய உயரத்துக்கு வந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டு பொருளும் சந்திக்கும் ஓரத்தில் எது மேலே என்பதுதான் முக்கியம். முழுப் பலகையிலும் மட்டங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. இதை அறிந்தால் 6 மி.மீ. கூட உங்களுக்குத் தேவைப்படாது, 4 மி.மீ. யிலேயே உயிரோடு வரும்.

முகத்தைக் கணினியில் தோராயமாக உருவாக்குவதைப் பற்றி எனக்கு மனம் ஒப்பவில்லை. தோட்டத்துப் பெரியவர்களுக்கு அந்தப் பெண்மணியின் முகம் தெரிந்திருக்கும். தோராயமான முகம் அவர்களுக்கு வேறு யாரோ ஒருவரின் முகமாகப் படும்.

மட்டக்கோல்

ஐயா சொல்லும் தாழ்த்தலைக் கணக்கிலும் செய்ய முடியும். கையின் மறைப்பை 25 பிக்சல், அதாவது 5 மி.மீ. அளவுக்கு நன்றாக மங்கலாக்கினால், கையின் ஓரத்தில் அதன் மதிப்பு ஏறத்தாழ பாதியாக, 0.5 ஆக இருக்கும். வெளியே போகப் போகச் சுழியமாகும். அதை 2.2 ஆல் பெருக்கி அடிமரத்தின் உயரத்திலிருந்து கழித்தால், கையை ஒட்டி மரம் 1.1 மி.மீ. தாழ்ந்து 1.5 க்கு வரும். கை 2.0 இல் நிற்கும், 0.5 மி.மீ. படி கிடைக்கும்.

```python
arm = cv2.GaussianBlur(m_arm, (0, 0), 25)
trunk = np.maximum(trunk - 2.2 * arm, 0)
```

முகத்தைப் பற்றி ஐயா எழுப்பிய கேள்விக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. நிழற்படத்தின் நுண்விவரத்தை மட்டும், அதாவது படத்திலிருந்து அதன் மங்கலான வடிவத்தைக் கழித்தால் மிஞ்சுவதை, 0.2 மி.மீ. அளவுக்கு உருவாக்கிய முகத்தின் மேல் சேர்ப்பவர்கள் உண்டு. கண்ணிமை, உதட்டுக் கோடு, சுருக்கம் ஆகியவை கருமையான கோடுகளாகவும் உண்மையில் பள்ளங்களாகவும் இருப்பதால், அந்த அளவில் ஒளியும் உயரமும் ஓரளவு ஒத்துப்போகின்றன. ஆனால் மச்சமும் புருவமும் கூட அதே கணக்கில் பள்ளமாகிவிடும். அவற்றைக் கையால் நீக்க வேண்டும்.

பதினாறு பிட்

இடைநிலைகள் தாமாகத் தோன்றுவதில்லை என்பது இப்போது விளங்கியது. அப்படியானால் தசம எண்களுக்கு மாற்றிய பிறகு, முழுப் படத்தையும் 10 பிக்சல் அளவுக்கு மங்கலாக்கிவிட்டால் படிகள் கட்டாயம் நீங்கிவிடும் அல்லவா? கருவிப் பாதைகளின் இடைவெளியையும் 0.1 மி.மீ. ஆகக் குறைத்துவிட்டால் மேற்பரப்பு கண்ணாடி போல வரும்.

மட்டக்கோல்

நீங்கும், ஆனால் கண்ணிமையும் சேர்ந்து நீங்கும். மங்கலாக்கும் அளவைப் பிக்சலில் நினைக்காமல் மில்லிமீட்டரில் நினைப்பது நல்லது, படத்தின் அளவை மாற்றினாலும் அப்போது கணக்கு மாறாது. படி போன்ற ஒரு சரிவு என்பது நேரான சரிவும் அதன் மேல் ஏறிய ரம்பப் பல் அலையும்தான். காஸ் வகை மங்கலாக்கலில் சிக்மா என்ற அளவு படியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால், அந்த அலை சுமார் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். பாதி அளவு இருந்தால் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். தம்பியின் படி அகலம் 1.5 மி.மீ., எனவே சிக்மா 0.75 மி.மீ. போதும். அது அவருடைய படத்தில் 4 பிக்சலுக்கும் சற்றுக் குறைவு. அதற்கு மேல் கொடுப்பது முழுவதும் விவரத்தின் இழப்பு.

அந்த 0.75 கூட ஒரு கூர்மையான ஓரத்தைக் கிட்டத்தட்ட 2 மி.மீ. அகலத்துக்குப் பரப்பிவிடும். கன்னத்துக்கும் நெற்றிக்கும் கைக்கும் அது பொருந்தும். கண்ணிமைக்கும் சீவும் கத்திக்கும் பொருந்தாது. அந்த இடங்களுக்கு ஒரு மறைப்பு வரைந்து 0.2 மி.மீ. அளவோடு நிறுத்துங்கள். ஓரங்களைக் காப்பாற்றிக்கொண்டு மென்மையாக்கும் இருபக்க வடிகட்டி, அதாவது `cv2.bilateralFilter`, இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். உயர வேறுபாட்டின் வரம்பைச் சரியாக வைத்தால் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வரம்பைப் படியின் உயரத்தைவிடக் குறைவாக வைத்தால் படிகளையும் ஓரங்கள் என்று நினைத்துக் காப்பாற்றிவிடும். இந்தப் படத்தில் படி 0.06 மி.மீ., ஆகவே வரம்பு 0.2 மி.மீ. அளவாவது இருக்க வேண்டும். பின்னணியில் தனித்தனியாகத் தெறிக்கும் புள்ளிகளுக்கு, மங்கலாக்குவதற்கு முன்பே ஒரு நடுமதிப்பு வடிகட்டியை, `cv2.medianBlur` ஐ, 5 என்ற அளவில் ஓட்டிவிடுங்கள். மங்கலாக்கல் புள்ளியைக் குன்றாக மாற்றும், நடுமதிப்பு அதை எடுத்தே விடும்.

பாதை இடைவெளியைப் பற்றி. உருண்டை முனை விட்டுச்செல்லும் வரப்பின் உயரம் இடைவெளியின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும்: `s*s / (8*R)`. ஆரம் 1 மி.மீ., இடைவெளி 0.2 மி.மீ. என்றால் வரப்பு 0.005 மி.மீ. இடைவெளி 0.3 என்றாலும் 0.011 தான், உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும். 0.2 இல் 1,500 பாதைகள், ஒவ்வொன்றும் 400 மி.மீ., மொத்தம் 600 மீட்டர். நிமிடத்துக்கு 1,500 மி.மீ. ஓடினால் 6 மணி 40 நிமிடம் ஆகும். 0.1 க்குக் குறைத்தால் நேரம் இரட்டிப்பாகும், கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. அந்த நேரத்தை முகத்துக்குச் செலவிடலாம். 1 மி.மீ. ஆரமுள்ள முனை அதைவிடக் குறுகிய வளைவுள்ள பள்ளத்துக்குள் இறங்க முடியாது. எனவே முழுப் பலகையையும் அதனால் முடித்துவிட்டு, முகப் பகுதியை மட்டும் 0.5 மி.மீ. ஆரமுள்ள கூம்புக் கருவியால் இன்னொரு முறை ஓட்டுங்கள்.

சிப்புட் தச்சன்

நீங்கள் சொன்னபடி பகுதிகளைப் பிரித்து, மென்மையாக்கி, முகமும் அடிமரமும் உள்ள ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் பார்த்தேன். கன்னத்தில் படிகள் இல்லை. மூக்கு தெளிவாக வந்திருக்கிறது. தலைத்துணி முகத்தைவிட மேலே போகவில்லை. உளி ஐயா சொன்ன தாழ்த்தலைச் செய்த பிறகு கை மரத்திலிருந்து பிரிந்து நிற்கிறது.

ஆனால் உடலின் ஓரம் முழுவதும் ஒரு சரிவு வந்திருக்கிறது. தோளின் விளிம்பு வட்டமாகித் தாழ்ந்து போய், துணிப் போர்வை போட்டு மூடியது போலத் தெரிகிறது. மங்கலாக்கும் அளவு 0.75 மி.மீ. தான் வைத்திருந்தேன்.

மட்டக்கோல்

பகுதிகளை ஒன்று சேர்த்த பிறகு மங்கலாக்கியிருப்பீர்கள், அல்லது மறைப்பால் பெருக்கிய பகுதியை அப்படியே மங்கலாக்கியிருப்பீர்கள். மறைப்புக்கு வெளியே மதிப்பு சுழியம் என்பதால், ஓரத்தில் உள்ள பிக்சல்கள் அந்தச் சுழியத்தோடு கலந்து தாழ்ந்துவிடுகின்றன. மறைப்பையும் அதே அளவில் மங்கலாக்கி, அதனால் வகுத்துவிட்டால் வெளியில் உள்ளவை கணக்கில் வராது.

```python
def smooth(z, m, s):
    a = cv2.GaussianBlur(z * m, (0, 0), s)
    b = cv2.GaussianBlur(m, (0, 0), s)
    return np.where(m > 0, a / np.maximum(b, 1e-6), 0)
```

ஒவ்வொரு பகுதியையும் இப்படித் தனித்தனியாக மென்மையாக்கி, அதன் பிறகே பின்னணியில் தொடங்கி முகம் வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். கடைசியில் 6 ஆல் வகுத்து 65535 ஆல் பெருக்கி, 16 பிட் பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் வேண்டாம், அது 8 பிட்டுக்கே திரும்பிவிடும். நீங்கள் வெட்டும் மென்பொருள் 16 பிட் கோப்பை உண்மையிலேயே 16 பிட்டாகப் படிக்கிறதா என்பதையும் ஒரு முறை சோதியுங்கள். இடமிருந்து வலமாகச் சீராக ஏறும் ஒரு சரிவை 300 மி.மீ. அகலத்துக்கு உருவாக்கி, முன்னோட்டத்தில் நன்கு பெரிதாக்கிப் பாருங்கள். 1.2 மி.மீ. க்கு ஒரு படி தெரிந்தால் அது 8 பிட்டாகத்தான் படிக்கிறது. அப்போது எஸ்.டி.எல். கோப்பாக மாற்றிக் கொடுப்பதே வழி. 1500 க்கு 2000 பிக்சல் படத்தில் ஏறத்தாழ 60 லட்சம் முக்கோணங்கள் வரும், கோப்பு 300 மெகாபைட் இருக்கும். பாதி அளவுக்குச் சுருக்கி 0.4 மி.மீ. பிக்சலாக்கினால் கோப்பு 75 மெகாபைட் ஆகும். 1 மி.மீ. ஆர முனைக்கு அது போதும்.

பலகைக் கடை

மென்மையாக்கலைப் பற்றியே பேசுகிறீர்கள், மரத்தைப் பற்றியும் ஒரு சொல். கடைகளில் கிடைக்கும் ரப்பர் மரப் பலகை பெரும்பாலும் சிறு துண்டுகளை ஒட்டி இணைத்தது. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளில் நார் ஓடும் திசை வேறுபடும். ஒரு துண்டில் கருவி வழுவழுப்பாக வெட்டும், அடுத்த துண்டில் நார் எழும்பிப் பஞ்சு போல நிற்கும். அந்த இணைப்பு முகத்தின் நடுவில் வந்தால், எவ்வளவு நல்ல உயரப்படமாக இருந்தாலும் கன்னத்தில் ஒரு கோடு தெரியும். பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது முகம் வரும் இடத்தில் அகலமான ஒரே துண்டு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் நியாத்தோ மரத்துக்கு மாறலாம், ஆனால் பெரியவர்கள் பால்மரமே வேண்டும் என்று கேட்டிருந்தால் அதைப் புரிந்துகொள்கிறேன்.

சிப்புட் தச்சன்

ஆம், ஐயா, பால்மரமே வேண்டும் என்றுதான் கேட்டார்கள். முகத்துக்கு அகலமான துண்டு உள்ள பலகையைத் தேடுகிறேன். வகுக்கும் முறையைச் செய்து முன்னோட்டத்தில் பார்த்தேன், தோளின் ஓரம் இப்போது கூர்மையாக நிற்கிறது. சரிவுச் சோதனையில் என் மென்பொருள் 8 பிட்டாகத்தான் படிக்கிறது என்று தெரிந்ததால், எஸ்.டி.எல். வழியே போகிறேன்.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. உளி ஐயா 4 மி.மீ. போதும் என்கிறார். மண்டபத்தில் பலகைக்கு நேர் எதிரே குழல் விளக்கு இருக்கிறது. நேராக விழும் ஒளியில் புடைப்பு தட்டையாகத் தெரியுமே என்பது என் கவலை. 6 மி.மீ. யை 8 ஆக்கலாமா என்று யோசிக்கிறேன்.

உளி

ஆழத்தைக் கூட்டுவதைவிட விளக்கை மாற்றுவது எளிது. பலகைக்கு மேலே, சுவரை ஒட்டி ஒரு சிறிய விளக்கு வைத்தால் 4 மி.மீ. யும் 8 மி.மீ. போலத் தெரியும். கோவில் நிர்வாகத்தாரிடம் கேட்டுப் பாருங்கள்.

மட்டக்கோல்

விளக்கு மாறாது என்றால், ஐயாவிடமிருந்து சற்று வேறுபடுகிறேன். நேர் ஒளியில் மேற்பரப்பின் சரிவுதான் நிழலைத் தரும், மொத்த ஆழம் அல்ல. 6 ஐ 8 ஆக்கினால் எல்லாச் சரிவும் மூன்றில் ஒரு பங்கு கூடும், ஓரங்களும் செங்குத்தாகி மெல்லிய ரப்பர் மர நார் பிய்ந்துபோக இடமுண்டு. மொத்தத்தை 6 இலேயே வைத்து, முகத்துக்கு 2.5 இலிருந்து 3.2 ஆகவும் பின்னணிக்கு 0.8 இலிருந்து 0.4 ஆகவும் பங்கைத் திருத்திப் பாருங்கள். முகம் மட்டும் 100 மி.மீ. சதுரத்தில் இரண்டு சோதனைத் துண்டுகள் வெட்டி, அந்த மண்டபச் சுவரிலேயே குழல் விளக்குக்கு எதிரே வைத்துப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

சிப்புட் தச்சன்

அப்படியே செய்கிறேன், அண்ணா. வெள்ளிக்கிழமை பூசைக்குப் பெரியவர்கள் மண்டபத்துக்கு வருவார்கள். இரண்டு துண்டுகளையும் எடுத்துச் சென்று, எது அந்த அம்மையாரின் முகம் போல இருக்கிறது என்பதையும் அவர்களிடமே கேட்டு இங்கே எழுதுகிறேன்.